நாலாவது சரணம் விட்டுப்போன காணொளி

மாமனாரின் காணொளிச் சேனலைச் சோதிக்க ஒளிபரப்பு நிலையத்திலிருந்து ஆள் வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து மருமகளுக்குச் சோறு இறங்கவில்லை. மாமனாரோ புதுச் சட்டையை எடுத்து மாட்டிவைத்துவிட்டுக் குழந்தை மாதிரி நாளை எண்ணிக்கொண்டிருந்தார். அவர் நல்ல மனுஷர். கெட்டவர் யாருமே இல்லாத வீட்டில்தான் இப்படிப்பட்ட சிக்கல் வந்து சேரும்.

விஷயம் இதுதான். மாமனார் முப்பது வருஷம் மருந்துக்கடை வைத்திருந்தவர். சாயங்காலம் கடையை மூடிவிட்டுப் பிரார்த்தனை மண்டபத்தில் அறுபது பேருக்குப் பிரசங்கம் செய்வார். தொண்டையில் அறுவை சிகிச்சை ஆனதும் குரல் கடைசி வரிசைவரை எட்டாமல் போயிற்று. மண்டபத்தில் வேறு ஆளைப் போட்டார்கள். மனுஷர் மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. மருமகள்தான் பின்னறைச் சுவரில் போர்வைகளைத் தொங்கவிட்டு, சட்டைக் காலரில் ஒரு சின்ன மைக்கை மாட்டி, கைப்பேசியைத் தாங்கியில் நிறுத்தி, "மாமா, மெதுவாவே பேசுங்க, போதும்" என்றாள். தினம் காலையில் பதினாலு நிமிஷம். ஒரு வேத வசனம், அதற்கு விளக்கம், கடைசியில் ஒரு துதிப்பாட்டு. ஒரே ஒரு நிபந்தனை, அந்த நேரத்தில் சலவை இயந்திரம் ஓடக் கூடாது.

ஆரம்பத்தில் ஆயிரத்துச் சொச்சம் பேர் சேனலில் சேர்ந்தார்கள். பார்த்தவர்கள் நாற்பது, ஐம்பது. காலையில் காபியைக் கையில் வாங்கும்போதே, "இன்னிக்கு எத்தனை பேரும்மா?" என்று கேட்பார். நாற்பது என்றால், "சரி சரி, அதுபோதும்" என்பார். அந்த 'அதுபோதும்'தான் அவளால் கேட்கவே முடியாத சொல். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் அதைத் தாங்க முடியாமல் எவனோ ஒருவன் இணையத்தில் விளம்பரம் கொடுத்திருந்ததைப் பிடித்து, நாற்பதாயிரம் பின்தொடர்பவர்களை வாங்கிவிட்டாள். ஒரு மாதத்துக்குப் பார்வைகளும் இலவசம் என்று அவன் தாராளமாகச் சொன்னான். கணவனிடம்கூடச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் மாமனாரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நிமிர்ந்து நடந்தார், தலைக்குச் சாயம் பூசிக்கொண்டார். அவளுக்கு மட்டும் நிம்மதி போனது. ஒரு மாதத்துப் பார்வை முடிந்த பிறகும் எண் ஓடிக்கொண்டே இருந்தது, இப்போது தினம் இரண்டாயிரத்து அறுநூறு. விற்றவன் நிறுத்த மறந்துவிட்டானா, நிஜமாகவே ஆட்கள் பார்க்கிறார்களா, அவளுக்குத் தெரியாது. சேனலை நடத்துகிறவருக்கு மட்டும் தெரியும் உள்பக்கத்தில் விவரம் எல்லாம் இருக்கும். திறந்து பார்க்கத்தான் தைரியம் வரவில்லை. பார்த்து, ஒரு ஈ காக்கைகூட இல்லை என்று தெரிந்துவிட்டால் காலையில் அந்தக் கேள்விக்கு எந்த முகத்தோடு பதில் சொல்வது?

இந்த நேரத்தில்தான் ஆன்மிக ஒளிபரப்பு நிலையம் ஒன்று மாமனாருக்கு விடிகாலை அரைமணி நேரம் தரலாமா என்று யோசித்தது. அதற்கு முன் பார்வையாளர்கள் அசலா என்று சோதித்துவிடுவது அவர்கள் வழக்கம். அதற்கென்றே ஓர் அம்மாள் இருந்தாள். நிலையத்தில் அவளுக்குச் 'சல்லடை' என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

சல்லடை பதினொரு மணிக்கு வந்தாள். மாமனாருக்கு வணக்கம் சொன்னாள், மருமகளின் கணினி முன் உட்கார்ந்தாள், கதவைச் சாத்தச் சொன்னாள். வெளியிலிருந்தே எல்லாம் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள் என்பது முதல் பேச்சிலேயே தெரிந்தது. நாற்பத்தோராயிரத்துத் தொள்ளாயிரம் பேர் சேர்ந்த சேனலில் பார்வை வெறும் இரண்டாயிரத்து அறுநூறு. கருத்து ஒன்றுகூட இல்லை. ஆயிரத்துச் சொச்சத்தில் நடந்துகொண்டிருந்த எண்ணிக்கைக் கோடு இரண்டே நாளில் செங்குத்தாக ஏறியிருக்கிறது.

"உண்மையைச் சொல்லிட்டா எனக்கும் வேலை மிச்சம், உங்களுக்கும் மனசு லேசாகும்" என்றாள்.

மருமகள் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு மடமடவென்று எல்லாவற்றையும் கொட்டினாள், நாற்பதை, 'அதுபோதும்' என்றதை, விளம்பரக்காரனை. "அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க. என்னைத் திட்டுங்க, அவரைப் பத்தி ஒண்ணும் எழுதாதீங்க" என்று முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது.

சல்லடை திட்டவில்லை. வாங்கியது எத்தனை என்று தெரிந்தால் கழிப்பது சுலபம், கழித்தபிறகு என்ன மிஞ்சுகிறது என்பதுதான் தன் வேலை என்றாள். உள்பக்கத்தைத் திறந்தார்கள்.

முதலில், யார் எங்கிருந்து சேர்ந்தார்கள் என்ற பட்டியல். அந்த இரண்டு நாளில் வந்த நாற்பதாயிரம் பேரில் ஒருவர்கூட எந்தக் காணொளியையும் பார்த்துவிட்டுச் சேரவில்லை. நேரே சேனல் பக்கத்தில் வந்து விழுந்திருந்தார்கள், மூட்டை மாதிரி. அப்புறம் இரண்டுமுறை ஆயிரக்கணக்கில் திடீரென்று குறைந்திருந்தது. போலிக் கணக்குகளைத் தளமே பெருக்கித் தள்ளும்போது அப்படித்தான் படி இறங்கும். மீதி முப்பத்து நாலாயிரம் வெறும் பெயர்கள் இன்னும் உள்ளே கிடந்தன. மற்ற ஏழாயிரத்துச் சொச்சம் பேர் தினம் பத்து, முப்பது, நாற்பது என்று, ஏதாவது ஒரு காணொளியைப் பார்த்தபிறகு சேர்ந்தவர்கள்.

அடுத்தது பார்வை. மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள், நிஜமாகவே.

"கண்ணைத் திறங்க" என்றாள் சல்லடை. "இலவசமா குடுத்தான்னு சொன்னீங்களே, அந்த ஒரு மாசம் இதோ இருக்கு. தினம் நாலாயிரம் பார்வை, ஒவ்வொருத்தரும் இருபது செகண்டு. திறந்தான், ஓடிட்டான். மாசம் முடிஞ்சதும் எண்ணூறுக்கு விழுது பாருங்க. அத்தோட அவன் கதை முடிஞ்சுது. அந்தக் கூட்டத்தைப் பாத்துட்டு தளமே உங்களை நிஜ ஆளுங்களுக்கும் காட்டியிருக்கு, மிச்சம் நிக்கிறது அவங்கதான்."

அதற்குப் பின்னால் கோடு ஏறவும் இறங்கவுமாகத் தட்டுத் தடுமாறி மேலே போயிருந்தது. எண்ணூறு, ஆயிரத்து நூறு, மறுபடி தொள்ளாயிரம், அப்புறம் ஆயிரத்தைந்நூறு. பதினாலு நிமிஷக் காணொளியில் ஓர் ஆள் சராசரியாகப் பதினொரு நிமிஷம் இருந்தார். பெரும்பாலும் திரும்பத் திரும்ப வரும் அதே ஆட்கள். காசு வாங்கிக்கொண்டு பொத்தானை அமுக்குகிறவன் யாரும் இப்படி உட்கார மாட்டான் என்றாள் சல்லடை. ஆனாலும் அவள் முகம் தெளியவில்லை. இவ்வளவு நேரம் உட்காருகிற இரண்டாயிரம் பேரில் ஒருவருக்குமா பேசத் தோன்றாது? கருத்துப் பக்கம் ஏன் காலியாக இருக்கிறது?

மருமகள் அசடு வழிந்தாள். போலிகள் வந்த கையோடு கண்ட கண்ட குப்பையெல்லாம் கருத்துப் பெட்டியில் வந்து விழுந்தது. மாமனார் கண்ணில் பட்டுவிடப் போகிறதே என்று, எல்லாக் கருத்தையும் தன் அனுமதிக்காக நிறுத்திவைக்கும்படி மாற்றிவிட்டாள். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. காரணம் அதே பயம்தான்.

"அடப் பாவமே" என்றாள் சல்லடை. "அறுபது நாள் தாண்டினா அது தானா போயிடும். இப்பவே திறங்க."

திறந்தாள். ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு காத்திருந்தன.

குப்பை கொஞ்சம் இருந்தது. ஆனால் அதற்கு நடுவே ஆறு வாரத்துக்கு முந்தைய ஒரே காணொளிக்கு நானூறுக்கு மேல். அதை நினைத்தாலே அவளுக்குக் கூசும். அன்று மாமனாருக்குக் காய்ச்சல் தொடங்கியிருந்தது, துதிப்பாட்டில் நாலாவது சரணத்தை விட்டுவிட்டு ஐந்துக்குத் தாவிவிட்டார். அவளுக்கும் வெட்டி ஒட்ட நேரமில்லை, அப்படியே ஏற்றிவிட்டாள். மறுநாளிலிருந்து பதினொரு நாள் அவர் படுக்கையில் கிடந்தார், சேனலில் ஒன்றும் வரவில்லை.

'ஐயா, நாலாவது சரணம் விட்டுப்போச்சு' என்று ஒருவர். 'நாலு இல்லாமல் ஐந்துக்குப் போகலாமா?' என்று கோபத்தோடு ஒருவர். நாலாவது சரணத்தை முழுதாகவே தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார்கள் பலர், வரிக்கு வரி சண்டையும் நடந்திருந்தது. கீழே போகப் போகத் தொனி மாறியது. 'குரல் சரியில்லையே, காய்ச்சலா?' 'ஐந்து நாளாகக் காணோம்.' 'என் அம்மா தினமும் கேட்கிறாள், என்ன சொல்ல?'

சல்லடை அந்தக் காணொளியை எத்தனை பேர் எந்த நொடிவரை பார்த்தார்கள் என்ற கோட்டை எடுத்தாள். பன்னிரண்டாவது நிமிஷத்தில் ஒரு மேடு. ஆட்கள் பின்னால் தள்ளி, விட்டது நிஜம்தானா என்று மறுபடி கேட்டிருக்கிறார்கள். பிறகு அந்தப் பதினொரு நாளில் ஆட்கள் தேடிய சொற்களை எடுத்தாள். சேனலின் பெயர், அதோடு 'உடம்பு எப்படி', 'ஏன் வரவில்லை', 'நலமா'.

"காசுக்கு வந்தவன் நாலாவது சரணத்தைத் தேட மாட்டான்" என்றாள் சல்லடை. அவளே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். போன வருஷம் இரண்டு லட்சம் பேர் வைத்திருந்த ஒருவருக்கு நேரம் கொடுத்து, ஒளிபரப்பான அன்று நிலையத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்புகூட வரவில்லையாம். இங்கே இரண்டாயிரத்து அறுநூறு பேர், அத்தனையும் அசல். நிலையத்துக்கு அது போதும், அறிக்கையில் அந்த எண்ணைத்தான் எழுதுவேன், வாங்கியதையும் எழுதுவேன் என்றாள். அதற்கு முன்னால் பெரியவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

மருமகளே போய்ச் சொன்னாள். புதுச் சட்டையோடு உட்கார்ந்திருந்த மாமனார் காலர் பொத்தானைக் கழற்றினார். 

"எனக்காகவா பண்ணின?" என்றார்.

"ஆமா மாமா. தப்புதான்."

"தப்புதான். நானும் தினம் கேட்டுக் கேட்டு உன்னை அரிச்சிருக்கேன்." பிறகு, "அப்போ நிஜமா எத்தனை?"

"ரெண்டாயிரத்து அறுநூறு."

அவர் விரலை மடக்கினார். மண்டபத்தில் அறுபது நாற்காலி. எத்தனை மண்டபம் என்று கணக்குப் போட்டு, பாதியிலேயே விட்டுவிட்டார். கண் நிறைந்துவிட்டது. "நாலாவது சரணத்தையா விட்டேன்?" என்றார். "மானம் போச்சே. வா, இப்பவே பாடிடலாம்."

மருமகள் ஓடிப்போய்ச் சலவை இயந்திரத்தை நிறுத்தினாள். எட்டு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் எங்கே போனது என்றே தெரியவில்லை. மாமனார் போர்வைச் சுவருக்கு முன் உட்கார்ந்து, இந்த வீட்டில் ஒரு பொய் எண் இருந்தது, அதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்றார். யார் செய்தது என்று சொல்லவில்லை. பிறகு நாலாவது சரணத்தை அந்த உடைந்த குரலிலேயே இரண்டுமுறை பாடினார். சல்லடை கதவோரம் நின்று உதடசைத்துக் கூடவே பாடினாள்.

மறுநாள் காலை மருமகள் காபி கொண்டுவந்தாள். அவர் வாங்கிக்கொண்டார், வழக்கம்போல் வாயைத் திறந்தார், ஒரு கணம் நிறுத்தினார்.

"இன்னிக்கு யார் யாரும்மா வந்தாங்க?" என்றார்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து கருத்துகளை ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினாள். காபி ஆறிப்போயிற்று.