மூன்று வேலையும் ஒரே நாளில்

கோட்டுச்சேரி சாலையில் இருக்கும் அந்த ஐந்து மாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் வினோதா. கல்லூரியில் கணக்குப் பாடம் எடுப்பவள். வேறு யாரும் முன்வராததால் அந்தப் பதவி அவள் தலையில் விழுந்தது.

ஜனவரியில் அவள் போட்ட ஆண்டு அட்டவணையில் எல்லாம் தனித்தனி நாளில் இருந்தன. தண்ணீர்த் தொட்டி கழுவுவது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, லிப்ட் சர்வீஸ் மாதாமாதம், தீயணைப்பு சிலிண்டர் சோதனை மழைக்கு முன்னால். நான்காம் மாடி தெட்சிணாமூர்த்திக்கு அது பிடிக்கவில்லை. வேளாண்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், கூட்டத்தில் அவர் பேசினால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

"ஒரு நாள் தண்ணி இல்ல, ஒரு நாள் லிப்ட் இல்ல. ஏம்மா, எல்லாத்தையும் ஒரே ஞாயித்துக்கிழமையில முடிச்சிட்டா என்ன?"

போதாததற்கு, மகன் அன்பழகனின் நிச்சயதார்த்தம் என்று சொல்லி அந்த மாத லிப்ட் சர்வீஸையும் தள்ளிப்போட வைத்தார். கரண்ட் போனால் லிப்டைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுவந்து கதவைத் திறக்கும் பேட்டரி இறங்கிவிட்டது, அடுத்த சர்வீஸில் மாற்றியே ஆகவேண்டும் என்று மெக்கானிக் அஃப்ரித் சொல்லியிருந்தான். வினோதாவுக்கு அது நினைவிருந்தது. ஆனாலும் இரண்டுக்கும் சரியென்று தலையாட்டிவிட்டாள்.

அந்த ஞாயிறு காலை மொட்டைமாடியில் தொட்டி கழுவும் ஆட்கள் வேலையில் இறங்கியிருந்தார்கள். எல்லா மாடிகளின் சிலிண்டர்களும் சோதனைக்காகக் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் வரிசையாக நின்றன. அஃப்ரித் மதியம் வருவதாக ஏற்பாடு.

மேலே வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வினோதா லிப்டில் ஏறினாள். குழாயில் தண்ணீர் இல்லாததால் கடையில் வாங்கிய தண்ணீர் கேனோடு தெட்சிணாமூர்த்தியும் ஏறினார். மூன்றாம் மாடியைத் தாண்டியதும் ஒரு குலுக்கல். விளக்கும் மின்விசிறியும் அணைந்தன.

தொட்டியின் அடிச்சேற்றை இறைக்கும் மோட்டாரை, மேலே லிப்ட் அறையில் இருந்த பிளக்கிலேயே மாட்டியிருக்கிறார்கள். மோட்டாரைப் போட்டதும் அந்த அறையின் மெயின் சுவிட்ச் தானாக அணைந்துவிட்டது. இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அப்போது இருட்டு மட்டும்தான்.

"இப்ப கீழ போகும்லம்மா?"

"போகாது சார். பேட்டரி இல்ல."

அவர் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. வினோதா அஃப்ரித்துக்குப் போன் போட்டாள். வரிச்சிக்குடியில் ஒரு வேலையில் இருப்பதாகவும், உடனே கிளம்புவதாகவும் சொன்னான். "யாரும் கதவத் தொறக்காதீங்கக்கா. மெயின யாரும் தொட வேண்டாம்."

காற்று கனத்தது. தெட்சிணாமூர்த்தி சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார், உட்கார்ந்தார், எழுந்தார், கதவைத் தட்டினார். "அன்பு, அன்பு" என்று கூப்பிட்டார்.

அன்பழகன் கடப்பாறையோடு ஓடிவந்தான். வினோதா தடுப்பதற்குள் அவன் மூன்றாம் மாடிக் கதவை நெம்பித் திறக்க, உள்ளே இருந்து அவன் அப்பா லிப்டின் கதவைத் தள்ளித் திறந்தார். வெளிச்சம் வந்தது. லிப்டின் தரை அன்பழகனின் மார்பு உயரத்தில் நின்றது. அதற்குக் கீழே, மூன்றாம் மாடித் தரை வரை, ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வெறும் இருட்டு. அது நேரே கிணறு போல அடித்தளம் வரை போகிறது.

"அப்பா, உக்காந்து கால விடுங்க. நான் புடிச்சிக்கிறேன்."

தெட்சிணாமூர்த்தி விளிம்பில் உட்கார்ந்தார். வினோதா பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள்.

"விடும்மா. எனக்கு மூச்சு முட்டுது."

"எறங்குறப்ப கால் வழுக்குனா பின்னால அந்தச் சந்துக்குள்ள போயிடுவீங்க சார். வேணாம்."

"உனக்கென்ன, நீ சொல்லுவ." அவர் முழங்கையால் அவளை இடித்தார். அவள் உதடு கிழிந்தது. அவள் விடவில்லை. "அன்பு, நீங்க தள்ளிப் போங்க. அப்பா உங்களையும் சேத்து இழுத்துட்டு விழுந்துடுவாரு" என்றாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

அன்பழகன் குனிந்து அந்த இருட்டைப் பார்த்தான். முகம் வெளுத்தது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டான்.

"அப்பா, அவங்க சொல்றத கேளுங்க. இப்ப காத்து வருதுல்ல, அப்படியே உள்ள உக்காருங்க."

பெரியவர் குலுங்கி அழுதார். வினோதா அவரை உள்ளே இழுத்துச் சுவரோடு சாய்த்து, கேனைத் திறந்து முகத்தில் தண்ணீர் தெளித்தாள். அஃப்ரித் வந்து, மெயினை முழுதாக அணைத்து, மேலே பிரேக்கைத் தளர்த்திக் கையால் சக்கரத்தைச் சுற்றி, லிப்டை அங்குலம் அங்குலமாக மூன்றாம் மாடித் தரைக்கு இறக்கும் வரை அவர் அவள் கையை விடவில்லை.

அடுத்த கூட்டத்தில் அட்டவணை மறுபடி தனித்தனி நாட்களுக்குப் பிரிந்தது. தொட்டி ஆட்களின் மோட்டாருக்குக் கீழிருந்து தனி மின் இணைப்பு. சிலிண்டர்களை இனி இரண்டு தடவையாக எடுக்க வேண்டும், பாதி எப்போதும் மாடிகளில் இருக்க வேண்டும். லிப்ட் சர்வீஸை யாருக்காகவும் தள்ளக் கூடாது. தெட்சிணாமூர்த்தி முதல் ஆளாகக் கை தூக்கினார்.

பிறகு வினோதா ராஜினாமாவைச் சொன்னாள். வேறு யாராவது பொறுப்பெடுங்கள் என்றாள்.

ஒருவர் தரையைப் பார்த்தார், ஒருவர் போனை எடுத்தார்.

"உங்கள விட்டா யாரும்மா இருக்கா" என்றார் தெட்சிணாமூர்த்தி, உண்மையான மரியாதையோடு. எல்லோரும் கை தட்டினார்கள். வெளியே போகும் வழியில் நாற்காலிகள் நெருக்கமாகக் கிடந்தன. வினோதா அட்டவணையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு தன் இடத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.