திமிர்வாதக்காரன் யார்?

1937-இல், பாலக்கோட்டு மிஷன் பள்ளி ஆசிரியை ரோசம்மாளிடம் ஒரு வேலை வந்தது. எழுத்தறியாதவர்கள் கூடும் ஜெபக்கூட்டங்களில் உரக்க வாசிக்க, இயேசுவின் கதைகளைப் புதிதாக எழுதித் தரவேண்டும். ஏட்டு நடையா, பேச்சு நடையா? கேட்பவர்களிடமே தெரிந்துகொள்ளச் சொன்னது வேலையைக் கொடுத்த மிஷன் குழு. ஒரே கதையை இரண்டு விதமாகவும் எழுதிக்கொண்டு மாரண்டஹள்ளியில் கூலிக்காரர்கள் தெரு ஜெபக்கூட்டத்துக்குப் போனாள்.

முதலில் ஏட்டு நடை. நடக்கமுடியாத ஒருவனை நான்கு பேர் சுமந்து வந்து, வாசலில் கூட்டம் நெரிந்ததால் கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்குகிற கதை. வாசித்து முடித்து, கேட்டுக்கொண்டிருந்தவர்களில் குள்ளம்மாள் என்பவளைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள்.

“திமிரு புடிச்சவனை எதுக்குங்க நாலு பேரு தூக்கணும்? நடந்து வரட்டுமே!”

ரோசம்மாள் தாளைப் பார்த்தாள். ‘திமிர்வாதக்காரன்’, வாதத்தால் கைகால் முடங்கியவன். கண்ணுக்கு முழுச்சொல், காதுக்குப் பாதிதான் போயிருக்கிறது. வாக்கியமும் ஆறு வரி நீண்டு, கடைசியில் வினைச்சொல் வருவதற்குள் யார் யாரைத் தூக்கினார்கள் என்பதே நழுவியிருந்தது.

அடுத்து பேச்சு நடை. “எந்திரி, பாயச் சுருட்டிக்கிட்டு வூட்டுக்குப் போ” என்றதும் எல்லோருக்கும் புரிந்தது, சிரித்தார்கள். கூலிவேலை பார்க்கும் மாயவன் மட்டும் சிரிக்கவில்லை.

“இதையேதான் மேலத்தெருவுலயும் வாசிப்பீங்களாங்கம்மா?”

“இல்லீங்க. அங்கே முதல்ல வாசிச்சதுதான்.”

“அவங்களுக்கு ஏட்டுப் பேச்சு, எங்களுக்கு வூட்டுப் பேச்சுங்களா?”

அவளுக்குச் சுருக்கென்றது. “நீங்களே சொல்லிக் காட்டுங்களேன்” என்றாள்.

மாயவன் எழுந்து நின்றான். “கைகால் விழுந்த ஒருத்தன் இருந்தான். நாலு பேர் அவனைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். வாசலில் இடமில்லை. கூரைமேல் ஏறினார்கள்.”

அவள் அவசரமாகப் பென்சிலைத் தேடினாள். சொற்களெல்லாம் வீட்டுச் சொற்கள். ஆனால் இவன் வயலில் ‘வந்தாங்க’ என்பவன். சபைமுன் நின்றதும் ‘வந்தார்கள்’ தானாக வருகிறது! யாரும் சொல்லிக்கொடுக்காமலே.

மூன்றாவதாக ஒன்றை எழுதினாள்: ஏட்டு விகுதி, வீட்டுச் சொல், ஒரு மூச்சில் முடியும் வாக்கியம். சேர்த்தெழுதிய சொற்களைப் பிரித்தாள். எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லி, நாக்கு தடுக்கிய இடத்தை அடித்தாள். குழுவிலிருந்த பண்டிதர், “‘கைகால் விழுந்தவன்’ என்பது வேதத்துக்கு அடுக்குமா?” என்று முகம் சுளித்தார். குள்ளம்மாள் கேட்டதை அவள் அப்படியே சொல்லிக் காட்டினாள். பண்டிதருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சொல் நின்றது. ‘ஒருத்தன்’ மட்டும் ‘ஒருவன்’ ஆனது. இரண்டு தெருவுக்கும் ஒரே பிரதி என்பதையும் அவள் கேட்டு வாங்கினாள்.

மாரண்டஹள்ளியில் அதை வாசித்த ஞாயிற்றுக்கிழமை யாரும் சிரிக்கவில்லை, புரியாமல் விழிக்கவுமில்லை. முடிந்ததும் குள்ளம்மாள் கேட்டாள்:

“கூரையப் பிரிச்சாங்களே, வூட்டுக்காரன் சும்மாவா இருந்தான்?”

வேதத்தில் அதற்குப் பதில் இல்லை. ஆனால் கதை புரிந்தவள்தானே இதைக் கேட்கமுடியும்? ரோசம்மாள் பிரதியை மூடிவைத்துவிட்டு, “அதானே, என்ன சொல்லியிருப்பான்?” என்று அவர்களோடு உட்கார்ந்தாள்.