உப்பு, சின்னி கை மூன்று

ஆஸ்பத்திரி மருந்தகத்தில் முப்பத்தைந்து வருடம் பொடி நிறுத்துக் கொடுத்தவளுக்கு, பெற்ற தாயின் சமையல் நோட்டு பெரிய சோதனையாக வந்து வாய்த்தது. கம்பவுண்டரம்மா என்றுதான் தெருவே அவளைக் கூப்பிடும். கால் கிராம் கூடினாலும் திருப்பிக் கொட்டுகிற ஆள். அவளைப் பெற்றவளோ நோட்டு முழுக்க 'தேவைக்கு', 'கண்ணளவு', 'கொஞ்சம் தாராளமாக' என்று எழுதி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

நோட்டை இங்கிலீஷ் புத்தகமாகப் போடலாம் என்றது மகள்தான். குடும்பத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் இருக்கிறார்கள்; ஒன்றுக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. அம்மா படித்து நிறுக்க வேண்டும், மகள் இங்கிலீஷில் அடிக்க வேண்டும், அடித்ததை ஒரு தடவை செய்து பார்க்க வேண்டும். இதுதான் ஏற்பாடு. சாப்பாட்டு மேஜையில் ஒரு பக்கம் லேப்டாப், ஒரு பக்கம் தராசு. கீழே மகளின் ஐந்து வயதுக் குட்டி கலர் பென்சிலோடு படுத்துக் கிடக்கும்.

"தேவைக்குன்னா எவ்வளவும்மா?"

"தேவையைப் பொறுத்தது."

"இதை அப்படியே அடிச்சா, சாப்பிடறவன் என்னை அடிப்பான்."

ஆனாலும் கம்பவுண்டரம்மா விடவில்லை. நெல்லிக்காயளவு புளி பதினைந்து கிராம், எலுமிச்சையளவு என்றால் முப்பது. சிட்டிகையைப் பத்து தடவை கிள்ளி மொத்தமாக நிறுத்துப் பத்தால் வகுத்தாள். அரிசிக்கு மேல் விரல்கட்டை அளவு தண்ணீர் என்றால், பாத்திரம் அகலமாக இருக்கலாமா என்று செத்துப்போன அம்மாவிடமே சண்டைக்கு நின்றாள். எல்லாவற்றையும் புத்தகத்தின் முதல் பக்கத்தில் 'அளவுகள்' என்ற தலைப்பில் சேர்த்துக்கொண்டே வந்தாள் மகள்.

எலுமிச்சை ஊறுகாயில்தான் வினை வந்தது. அம்மாவுக்கு எழுத்தில் புள்ளி வைக்கிற பழக்கமே கிடையாது. போதாததற்கு அந்தப் பக்கத்தில் சாறு பட்டு மை வெளிறியிருந்தது. "எலுமிச்சம்பழம் பத்து. உப்பு, சின்ன கை மூன்று" என்று படித்தாள் கம்பவுண்டரம்மா. கையை இறுக்காமல் அள்ளினாள்; நாற்பது கிராம். மூன்றுக்கு நூற்றிருபது. 'ஸ்மால் ஹேண்ட்ஃபுல்' என்று மகள் அடித்தாள். அன்றைக்கே ஜாடியும் நிறைந்தது.

பன்னிரண்டாம் நாள் ஒரு துண்டை வாயில் வைத்த மகளின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"பாட்டி இப்படியா போட்டாங்க? கடலே உள்ள இருக்கும்மா."

கம்பவுண்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. உப்பு விஷயத்தில் அவளுக்குப் பழைய காயம் ஒன்று இருந்தது. எட்டு வயதில் அம்மா அவளைக் கூப்பிட்டு உப்புப் போடச் சொல்வாள். போட்டதும் மறு பேச்சில்லாமல் பாதியைத் திருப்பி அள்ளிவிடுவாள். இவள் குறைத்துப் போட்டுப் பார்த்தாள். அம்மா ஜாடியைக் காட்டி, கை நிறைய அள்ளச் சொல்லிவிட்டு, மறுபடியும் பாதியை எடுத்துவிடுவாள். எடுத்ததை உடனே ஜாடியிலும் போடமாட்டாள். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பாள். இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "உனக்கு என் கை பிடிக்கலைன்னா நீயே போட்டுக்கோ" என்று கத்தியவள்தான், அதற்குப் பிறகு அம்மா சமையலில் உப்பைத் தொட்டதில்லை. தராசு முள்ளை நம்பிய அளவுக்கு அவள் எந்த மனிதரையும் நம்பாமல் போனதற்கு அங்கேதான் ஆரம்பம்.

தப்பு எங்கே என்று நோட்டைப் புரட்டினாள். காய்கறி ஊறுகாய்ப் பக்கத்தில் சாறு படவில்லை. எழுத்து பளிச்சென்று இருந்தது. சின்ன கை இல்லை. சின்னி கை. 'உப்பு, சின்னி கை இரண்டு.'

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"சின்னி யாரும்மா?" என்றாள் மகள்.

நாற்பது வயது மகளுக்கு அந்தப் பெயரே தெரியாது. யார் சொன்னார்கள் தெரிவதற்கு?

"என் தங்கச்சி. அஞ்சு வயசு. பள்ளிக்கூடத்துலேருந்து காய்ச்சலைக் கொண்டுவந்தது நான். ஒரே பாயில ரெண்டு பேரும் படுத்தோம். நான் எந்திரிச்சேன்."

மகள் லேப்டாப்பிலிருந்து கையை எடுத்தாள்.

"அவ கவுனு, படம் எல்லாத்தையும் எங்கம்மா எங்க வெச்சான்னே தெரியாது. சாகிற வரைக்கும் அவ பேரைச் சொல்லலை. என்னைப் பாக்குறப்ப எல்லாம், பிழைச்சது இதுதானான்னு நினைக்கிறான்னு நினைச்சுக்கிட்டேன். கேக்க தைரியம் வரலைடி."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அஞ்சு வயசுக் கை. குட்டியைக் கூப்பிடு. கையைக் கழுவி நல்லாத் துடைச்சு விடு" என்றாள். தொழில் புத்தி அழுகைக்கு நடுவிலும் போகாது.

குட்டிக்கு ஒரே குஷி. உப்பில் கையை விட்டு மூன்று தடவை அள்ளித் தட்டில் போட்டது. இருபத்தொன்று, பத்தொன்பது, இருபது. மூன்றுக்கு அறுபது கிராம். உள்ளங்கைக் கோடுகளில் ஒட்டியிருந்த உப்பை அது நக்கிவிட்டு முகத்தைச் சுளித்தது. கம்பவுண்டரம்மா அந்தக் கையைப் பிடித்துத் தட்டிவிட்டாள். இவ்வளவுதானா, இத்தனூண்டு கையா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனி எங்கெல்லாம் திருத்த வேண்டும் என்று கடைசிப் பக்கம்வரை பார்த்தார்கள். கடைசித் தாளில் வேறு மையில் எலுமிச்சை ஊறுகாய் இன்னொரு தடவை எழுதியிருந்தது. வழக்கம்போல உரக்கப் படித்தாள்.

"எலுமிச்சம்பழம் பத்து. உப்பு, இனி பெரியவள் கை மூன்று. அவள் போட்டதும் ஒவ்வொன்றிலும் பாதியை எடுத்துவிடவும். பாதிதான் சின்னி கை..."

நோட்டை மேஜையில் வைத்துவிட்டாள். மகள் எழுந்து வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். தமிழ் படிக்க அவளுக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும். விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள்.

"கா-ர-ண-ம்... காரணம் அவளிடம் சொல்ல வேண்டாம். பாவம், குழந்தை."

அம்மாவுக்கு அவள் கை பிடிக்காமல் இல்லை. ஊரில் வேறு கையே இல்லாததுபோல அவளைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். அவள் கைக்குள் இன்னொரு கையைத் தேடி, அதை மட்டும் ஜாடியில் விட்டிருக்கிறாள். கம்பவுண்டரம்மாவுக்கு ஆறுதலும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? கையை உதறிவிட்டுப் போயிருக்கமாட்டாளே! ஆயுசுக்கும் அந்த ஜாடி பக்கத்திலேயே நின்றிருப்பாளே! உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அம்மா நினைத்தாள், வாயைத் திறக்காமல் நினைத்தாள். அந்த மௌனத்துக்கு இவள் வேறு அர்த்தம் எழுதிக்கொண்டு அறுபது வயதைத் தாண்டிவிட்டாள்.

வெகுநேரம் அழுதாள். மகள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு தயங்கித் தயங்கி, "இதை என்னன்னு போடட்டும்மா? வெறும் அறுபது கிராம்னு போட்டுடவா?" என்று கேட்டாள்.

"கிராம் பின்னாடி வரட்டும். முதல்ல சின்னின்னு போடு."

"இங்கிலீஷ்ல..."

"அதுக்கு இங்கிலீஷ் கிடையாது. பேரை அப்படியே எழுத்துக் கூட்டிப் போடு. முதல் பக்கத்துல, அளவுல சேத்துக்கோ. சின்னி கை: அஞ்சு வயசுக் குழந்தை கை, இருபது கிராம். பெரியவ கையா இருந்தா பாதியை எடுத்துடணும்."

மகள் அடித்துவிட்டு நிமிர்ந்தாள். "அவ்வளவுதானா?"

கம்பவுண்டரம்மா நோட்டின் கடைசி வரியைப் பார்த்தாள்.

"காரணத்தையும் போடு" என்றாள்.