பத்து ரூபாய்க் காசின் சாட்சி

நுவரெலியாவில் ஸ்ட்ரோபெரி விற்கும் ஜூட்சனுக்கு நேர்மைமேல் அபாரப் பிரியம். அதனால்தான் ஃபேஸ்புக் நேரலையில் பழத்தைக் கேமராவின் மூக்கருகே பிடித்துக்கொண்டு, பத்து ரூபாய்க் காசை ஒரு முழம் தள்ளிப் பின்னால் நிறுத்தியிருந்தான்.

“பாத்துக்கங்க, காச விட பழம் மூணு மடங்கு! காசு பொய் சொல்லாதுங்க.”

காசு பாவம், அவ்வளவு தூரத்திலிருந்து எதைச் சொல்லும்? ஓடர்கள் குவிந்தன. அப்போது, ஹட்டனில் பழக்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் கமெண்டில் எழுதினார்: “தம்பி, அந்தக் காச பழத்து மேலயே வைங்க.”

நேரலை பார்த்துக்கொண்டிருந்த முந்நூறு பேரும் சேர்ந்துகொண்டார்கள்: “வைங்க, வைங்க!”

ஜூட்சன் பழத்தை உள்ளங்கையில் கிடத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு காசை அதன்மேல் வைத்து, கேமராவுக்கு நேரே காட்டினான்.

அக்கா மறுபடி எழுதினார்: “காசு நல்லா தெரியுது தம்பி. பழம் எங்க?”