இரண்டு கறுப்பு வளையம்

அலோர் காஜா பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கைப்பேசிக் கடை வைத்திருந்த அஸ்லாம், வந்தவரை வெறுங்கையோடு அனுப்பியதில்லை. இறைவன் ஒருவரை நம் வாசலுக்கு அனுப்பினால் அதற்கொரு காரணம் இருக்கும் என்பார்.

ஏழு மாத வயிற்றோடு உஷாந்தி வந்து, சட்டையில் குத்துகிற மைக் கேட்டாள். கைப்பேசிக்கானது தீர்ந்துவிட்டிருந்தது.

“நாளைக்கு அப்பாவுக்கு ஓப்பரேஷன், பாய். தொண்டையில கேன்சர். குரல்வளையையே எடுக்கிறாங்க. பொறக்கப்போற பிள்ளைக்கு ஆசீர்வாதம் சொல்லி வைக்கணுமாம். குரல் காத்து மாதிரிதான் வருது.”

அஸ்லாமுக்கு மனம் தாளவில்லை. வீடியோ கேமராவுக்கென்று வாங்கிய மைக் ஒன்று அலமாரியில் கிடந்தது. அவள் கைப்பேசியில் செருகிப் பார்த்தார், கச்சிதமாக இறங்கியது.

“ஓட்டை ஒண்ணுதானே, வேலை செய்யும்லா. காசு வேணாம்மா. பிள்ளைக்கு என் அன்பளிப்பு.”

அவள் கைகூப்பிவிட்டுப் போனாள். அன்று முழுதும் அவருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

பத்தாம் நாள் திரும்பி வந்தாள். மைக்கை மேசைமேல் வைத்தாள்.

“நாப்பது நிமிஷம் பேசினார், பாய். வெறும் இரைச்சல்தான் இருக்கு.”

“அப்பவே போட்டுக் கேக்கலையாம்மா?”

“கேட்டேன். சத்தமே வரல. மைக் போன்லயே செருகியிருக்கு, அதான் ஸ்பீக்கர்ல வரலைன்னு நெனச்சேன். அதுக்குள்ள வார்டுக்குக் கிளம்பிட்டோம்.”

அஸ்லாம் மைக்கின் செருகுமுனையைத் தன் இயர்போன் செருகுமுனையோடு சேர்த்துப் பிடித்தார். இயர்போனில் மூன்று கறுப்பு வளையம், அவற்றுக்கிடையே நான்கு உலோகத் தொடர்பு. மைக்கில் இரண்டே வளையம், மூன்று தொடர்பு. கைப்பேசி மைக்கின் ஒலியை எதிர்பார்க்கும் இடம் இதில் எர்த் தொடர்போடு ஒட்டிக் கிடந்தது. மைக் இல்லாத வெறும் இயர்போன் என்று கைப்பேசி எண்ணிவிட்டது. தன் சொந்த மைக்கைத் திறந்துகொண்டது.

“போன் எங்கம்மா இருந்துச்சு?”

“ஜன்னல்கிட்ட. மேசைக் காத்தாடிக்குப் பக்கத்துல.”

நடந்ததைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். சார்ஜர் வாங்க நின்ற வடிவேலு சிரித்தான். “ஓசியில கொடுத்தா ஓசி மாதிரிதான் இருக்கும், பாய்!”

உஷாந்தி சிரிக்கவில்லை. “இல்லைன்னு சொல்லியிருக்கலாமே. மலாக்கா டவுனுக்குப் போய் வாங்கியிருப்பேன். ஜாசினுக்கே போயிருப்பேன்.”

“மன்னிச்சிரும்மா. நல்லதுன்னு நெனச்சுத்தான்...”

“அதான் திட்டவும் முடியல.” கைப்பேசியை அவர் முன் நகர்த்தினாள். “கேளுங்க. முழுசா.”

அஸ்லாம் கடைக்கதவைப் பாதி இழுத்துவிட்டு உட்கார்ந்தார். காத்தாடி. லாரி. எங்கோ ஒரு நாய். அப்புறம், கைப்பேசிக்கு அருகே நின்றிருந்தவளின் குரல் மட்டும் மணிபோலக் கேட்டது:

“நல்லாப் பதிவாகுதுப்பா. கஷ்டப்பட்டுச் சத்தமாப் பேசாதீங்க, மெதுவாவே சொல்லுங்க.”