பேக்கப் எதுவும் இல்லை

தங்கை யுவஸ்ரீயோடு துர்கா இன்னும் பேசுகிறாள் என்று தெரிந்த அன்று, அண்ணன் கஜபதி துர்காவின் போனைச் சுவரில் அடித்து நொறுக்கினான். அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. வேற்றுச் சாதிப் பையன் ராஜேஷோடு ஓடிப்போன யுவஸ்ரீ எங்கே இருக்கிறாள் என்பது அந்த வாட்ஸ்அப்பில்தான் இருந்தது.

உடைந்த போனிலிருந்து சிம்மை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

“நாளைக்கு சாயங்காலம் புதுசு வாங்கித் தரேன். உன் மெயில் ஐடி போட்டா பழசெல்லாம் திரும்பி வந்துடுமாம்.”

குரலில் கோபமே இல்லை. அதுதான் துர்காவைப் பயமுறுத்தியது. போன மாதம் அவன் தீட்டி வாங்கி வந்த அரிவாள் இன்னும் பைக் பெட்டியில்தான் இருந்தது.

திருத்தணி பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் அவளுக்கு வேலை. கடைக் கம்ப்யூட்டரில் அவளுடைய மெயில் எப்போதும் திறந்தே இருக்கும். மறுநாள் காலை கூகுள் டிரைவில் பேக்கப் பட்டியலைத் திறந்தாள். வாட்ஸ்அப் பேக்கப் ஒரே வரியாக இருந்தது. தங்கையின் செய்திகளை மட்டும் தனியே அழிக்க வழியில்லை. அழித்தால் கணவன் பூபாலனின் வாய்ஸ் மெசேஜ்களும் போய்விடும். அவன் இறந்து இரண்டு வருடம். அவன் குரல் வேறெங்கும் இல்லை.

“வேற போன்ல இறக்கிக்க முடியாதாடி?” என்றாள் கூட வேலை செய்யும் சின்னம்மாள்.

“ஓடிபி சிம்முக்குதான்க்கா வரும். சிம்மு அவன்கிட்ட இருக்குது.”

சின்னம்மாளின் போனை வாங்கி, மனப்பாடமாக இருந்த எண்ணை அழுத்தினாள்.

“யுவா, இனிமே என் நம்பருக்கு எதுவும் அனுப்பாத. பிளாக் பண்ணிடு. ஏன்னு கேக்காத.”

“அக்கா, அடிச்சானா?”

“வெச்சிடறேன்.”

பிறகு அழிக்கும் பொத்தானை அழுத்தினாள். நிரந்தரமாக நீக்கவா என்று கேட்டது. ஒரு வாடிக்கையாளர் ஆதார் நகலுக்காக நின்றுகொண்டிருந்தார். துர்கா ஆமென்று அழுத்திவிட்டு, அவருடைய அட்டையை வாங்கினாள்.

மாலை செல்போன் கடையில் கஜபதி அவள் தோளோடு ஒட்டி நின்றான். சிம்மைப் போட்டார்கள். ஓடிபி வந்தது. பேக்கப்பைத் தேடிப் பார்த்த கடைக்காரர் தலையை ஆட்டினார்.

“பேக்கப் எதுவும் இல்லீங்க.”

“ஏன் இல்ல?”

“இருந்திருந்தா காட்டும். ஒண்ணு போட்டிருக்கவே மாட்டாங்க, இல்ல அழிச்சிருப்பாங்க.”

கஜபதி அவள் பக்கம் திரும்பினான். கடையில் இருந்த எல்லோரும் பார்க்க அறைந்தான். காது ரீங்கரித்தது. யாரும் நெருங்கவில்லை.

“அவ உனக்கு மெசேஜ் பண்ணாம இருக்க மாட்டா. பாத்துகினே இருக்கேன்” என்று புதுப் போனையும் எடுத்துக்கொண்டான்.

மூன்று வாரம் அதை வைத்துக்கொண்டு காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. ஒரு காலை அதை அவள் சாப்பாட்டுத் தட்டருகே வீசிவிட்டுப் போனான். துர்கா திறந்து பார்த்தாள். கேஸ் ஏஜென்சியிலிருந்து ஒரு செய்தி மட்டும் இருந்தது. யுவஸ்ரீ இப்போதும் அழிந்த செய்திகளில் சொல்லியிருந்த ஊரில்தான் இருக்கிறாளா என்று அவளுக்கும் தெரியாது.