மேற்பார்வை கிடைக்கவில்லை

எங்கள் மனநல மையத்தின் ஆலோசகர் வேலைக்கு, இங்கேயே இரண்டு வருடம் சம்பளமில்லாமல் ஆலோசனை சொன்ன ஒரு அக்காவும் விண்ணப்பித்திருந்தார். அலுவலக உதவியாளரான நானும் இயக்குநரும் அவருடைய விவரங்களை விளம்பரத்தோடு ஒப்பிட்டோம். முதுகலைப் பட்டம் இருந்தது. பெயர் மறைத்து எழுதிய மாதிரிக் குறிப்பில், ஆலோசனைக்கு வந்தவர் சொன்னதும் அக்கா ஊகித்ததும், விளம்பரம் கேட்டபடியே தனித்தனியாக இருந்தன. மூத்த ஆலோசகரின் மேற்பார்வையில் செய்த பயிற்சி என்ற இடத்தில் மட்டும், "மேற்பார்வை கிடைக்கவில்லை" என்றிருந்தது.

"அப்போ தகுதி இல்லம்மா. தள்ளி வை," என்றார் இயக்குநர்.

"மேற்பார்வை பார்க்க வேண்டியது நீங்கதானே மேடம்? வாராவாரம் உங்க கதவுகிட்ட நின்னு பார்த்துட்டுத் திரும்பிப் போவாங்களே."

"எனக்கு எங்கம்மா நேரம்? அதுக்காக விதிய வளைக்க முடியுமா?"

விதி சரிதான், ஆலோசகராக நான் படிக்கும் மாலை வகுப்பிலும் அதைத்தான் சொல்லித் தருகிறார்கள். தள்ளி வைத்தேன். அடுத்த மாதம் என் மேற்பார்வைப் பயிற்சியும் இதே இயக்குநரிடம்தான் தொடங்குகிறது.